ஸ்பாட்டிஃபை கணக்கை மூடுவதற்கு முன்: தரவைப் பெறுவது, சந்தாவை நிறுத்துவது, ஏழு நாள் மீட்புக் காலம்

ஸ்பாட்டிஃபை கணக்கு ஒன்றை மூடுவதற்குச் சில நிமிடங்கள் போதும். ஆனால் அந்தக் கணக்கில் பல ஆண்டுகளாகச் சேர்ந்திருக்கும் கேட்புப் பதிவுகளை முழுமையாகப் பெறுவதற்கு 30 நாட்கள் வரை ஆகலாம். மூடிய பிறகு மனம் மாறினால் திரும்பப் பெறக் கிடைக்கும் அவகாசமோ வெறும் 7 நாட்கள்தான். முதலில் மூடிவிட்டுப் பிறகு தரவைக் கேட்கலாம் என்று நினைப்பவருக்கு இந்த நாட்கணக்கு ஒத்துவராது என்பதை இந்த மூன்று எண்களே காட்டிவிடும். தரவைக் கேட்கும் பக்கத்தைத் திறக்கக் கணக்கில் உள்நுழைந்திருக்க வேண்டும். மூடிய கணக்கில் உள்நுழைய முடியாது.

என் குடும்பத்தில் ஒருவருடைய கணக்கை மூட உதவியபோது, இந்தத் தகவல்கள் வெவ்வேறு பக்கங்களில் சிதறிக் கிடப்பதையும், எதை முதலில் செய்வது என்று ஒரே இடத்தில் எங்கும் எழுதப்பட்டிராததையும் கண்டேன். நீங்களும் அப்படித் தேடி அலைய வேண்டாம் என்பதற்காகவே செய்ய வேண்டிய வரிசையிலேயே இதை எழுதுகிறேன். இந்தியாவில் மாதச் சந்தா கட்டிப் பயன்படுத்துபவரை மனத்தில் வைத்து எழுதியிருந்தாலும், சந்தாப் பகுதியைத் தவிர மற்றவை எல்லா நாடுகளுக்கும் பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். கைப்பேசியிலிருந்து செயலியை நீக்குவதால் கணக்கு மூடப்படுவதில்லை. பிரீமியம் சந்தாவை ரத்து செய்தாலும் மூடப்படுவதில்லை. கட்டணக் கணக்காக இருந்தது இலவசக் கணக்காக மாறுமே தவிர, உங்கள் பெயர், மின்னஞ்சல் முகவரி, கேட்புப் பதிவுகள் ஆகிய அனைத்தும் அப்படியே இருக்கும். மாதப் பணம் போவதை நிறுத்துவது மட்டுமே உங்கள் நோக்கம் என்றால், ஐந்தாம் படியை மட்டும் செய்தால் போதும். கணக்கை மூட வேண்டிய தேவையே இல்லை.

## 1. எந்தக் கணக்கு, எந்த மின்னஞ்சல் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்

ஒரே ஆளுக்கு இரண்டு ஸ்பாட்டிஃபை கணக்குகள் இருப்பது மிகச் சாதாரணம். முதலில் மின்னஞ்சல் கொடுத்து ஒன்றைத் தொடங்கியிருப்பார். பிறகு புதுக் கைப்பேசி வாங்கியபோது பேஸ்புக் அல்லது கூகுள் பொத்தானை அழுத்தி உள்ளே போயிருப்பார். அது வேறொரு கணக்கைத் திறந்திருக்கும். பாடல் பட்டியல்கள் ஒன்றிலும் கட்டணச் சந்தா மற்றொன்றிலும் இருந்தால், ஒன்றை மூடிய பிறகும் பணம் போய்க்கொண்டே இருக்கும்.

எனவே கணினியில் உலாவியைத் திறந்து `https://www.spotify.com/account/` பக்கத்தில் உள்நுழைந்து மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: கணக்கில் பதிவாகியிருக்கும் மின்னஞ்சல் முகவரி, தற்போதைய சந்தாத் திட்டம், அடுத்த கட்டணத் தேதி. மின்னஞ்சல் முகவரிதான் இவற்றில் முக்கியமானது. தரவு கோரிக்கையை உறுதி செய்யும் கடிதம், தரவு தயாரானதும் வரும் கடிதம், கணக்கை மூடுவதை உறுதி செய்யும் கடிதம், மூடிய பிறகு மீட்புக்கான கடிதம் ஆகிய அனைத்தும் அந்த ஒரு முகவரிக்குத்தான் வரும். அது நீங்கள் படித்த கல்லூரியின் முகவரியாகவோ, விட்டு வந்த அலுவலகத்தின் முகவரியாகவோ இருந்தால், வேறு எதையும் தொடங்குவதற்கு முன் அதை மாற்றிவிடுங்கள். பேஸ்புக் வழியாக உள்நுழைபவர்கள் இப்போதே தனியாக ஒரு கடவுச்சொல்லை அமைத்துக்கொள்வது நல்லது. இடையில் பேஸ்புக் கணக்கில் ஏதேனும் சிக்கல் வந்தால் இந்த வேலை பாதியில் நிற்காது.

## 2. தரவைக் கேளுங்கள், மூன்று தொகுப்புகளையும் கேளுங்கள்

உள்நுழைந்த நிலையில் `https://www.spotify.com/account/privacy/` பக்கத்துக்குச் சென்று கீழே இறங்கினால், உங்கள் தரவைப் பதிவிறக்கும் பகுதி இருக்கும். அங்கே தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கக்கூடிய மூன்று தொகுப்புகள் உள்ளன. இதற்குக் கட்டணம் கிடையாது. இலவசக் கணக்கு வைத்திருப்பவரும் கேட்கலாம்.

முதலாவது `Account data`. இது 5 நாட்களுக்குள் வரும் என்று அந்தப் பக்கமே சொல்கிறது. உங்கள் பாடல் பட்டியல்கள், விரும்பிச் சேமித்த பாடல்களும் ஆல்பங்களும், பின்தொடர்ந்த கலைஞர்கள், தேடிய சொற்கள், கட்டண முறை பற்றிய விவரங்கள், விளம்பரத்துக்காக உங்களைப் பற்றி ஊகித்து வைத்திருக்கும் வகைப்பாடுகள் ஆகியவை இதில் இருக்கும். கேட்புப் பதிவும் இருக்கும், ஆனால் கடந்த ஓராண்டுக்கு உரியது மட்டுமே. பலர் இந்த இடத்தில்தான் தவறவிடுகிறார்கள். தொகுப்பு வந்துவிட்டது, திறந்தால் பாடல்களின் நீண்ட வரிசை தெரிகிறது, ஆகவே எல்லாம் கிடைத்துவிட்டது என்று கணக்கை மூடிவிடுகிறார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகள் அதில் இல்லை என்பது பிறகுதான் தெரிகிறது.

இரண்டாவது `Extended streaming history`. கணக்கைத் தொடங்கிய நாளிலிருந்து நீங்கள் கேட்ட ஒவ்வொன்றின் பதிவும் இதில்தான் வருகிறது. இதற்கு 30 நாட்கள் வரை ஆகலாம். இந்தியாவில் ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் அறிமுகமானது. அப்போதே சேர்ந்தவர்களுக்கு இந்தத் தொகுப்பில் பல ஆண்டுகளின் பதிவு இருக்கும்.

மூன்றாவது `Technical log information`. பிழைகளைக் கண்டறியவும் சேவையை இயக்கவும் நிறுவனம் சேகரிக்கும் தொழில்நுட்பக் குறிப்புகள் இவை. இதற்கும் 30 நாட்கள் வரை ஆகலாம். சாதாரணப் பயனருக்கு இதனால் பெரிய பயன் இல்லை என்பது என் கருத்து. இருந்தாலும் கணக்கையே மூடப்போகிறீர்கள், பிறகு கேட்க வழியில்லை என்பதால் இதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

கோரிக்கையை அனுப்பியதும் ஓர் உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வரும். அதிலுள்ள இணைப்பை அழுத்தினால்தான் கோரிக்கை உண்மையில் பதிவாகும். அந்தக் கடிதம் விளம்பரக் கடிதங்களுக்கான பெட்டியிலோ ஸ்பேம் பெட்டியிலோ போய் விழுவது உண்டு. பொத்தானை அழுத்திவிட்டோம் என்று நம்பி ஒரு மாதம் காத்திருந்து, கோரிக்கையே பதிவாகவில்லை என்று கடைசியில் அறிவதைவிட, அழுத்திய அன்றே அந்தக் கடிதத்தைத் தேடிப் பார்த்துவிடுவது மேல்.

தயாரான தொகுப்பைப் பதிவிறக்கவும் காலக்கெடு உண்டு. தயார் என்ற மின்னஞ்சல் வந்ததிலிருந்து 14 நாட்கள் வரைதான் அந்த இணைப்பு வேலை செய்யும். அதைத் தவறவிட்டால் மீண்டும் முதலிலிருந்து கேட்க வேண்டும், மீண்டும் 30 நாட்கள் வரை காத்திருக்க வேண்டும். எனவே இந்த ஒரு மாதத்தில் நீண்ட பயணம் ஏதேனும் இருந்தால், அதை முடித்துக்கொண்டு கோரிக்கையை அனுப்புங்கள்.

## 3. வந்ததைத் திறந்து பாருங்கள்

மூன்று தொகுப்புகளும் ஜிப் கோப்புகளாகத் தனித்தனியே, வெவ்வேறு நாட்களில் வரும். பதிவிறக்கியதும் விரித்துப் பாருங்கள். விரிக்காத ஜிப் கோப்பு பழுதாகியிருந்தால், கணக்கு போன பிறகுதான் அது தெரியவரும்.

உள்ளே இருப்பவை பெரும்பாலும் ஜேசான் வடிவக் கோப்புகள். நோட்பேடில் திறந்தால் எழுத்துக்கடலாகத் தெரியும். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் அந்தக் கோப்பை இழுத்துப் போட்டால், மடித்து விரிக்கக்கூடிய பட்டியலாகத் தெளிவாகக் காட்டும். `Playlist1.json` கோப்பில் உங்கள் பட்டியல்களின் பெயர்களும் அவற்றிலுள்ள பாடல்களும் உள்ளன. `YourLibrary.json` கோப்பில் நீங்கள் சேமித்து வைத்தவை உள்ளன. செயலியில் ஒரு பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு, அதன் முதல் பாடலும் கடைசிப் பாடலும் கோப்பில் இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். இரண்டு மூன்று பட்டியல்களுக்கு இப்படிச் செய்தாலே போதும்.

முழுக் கேட்புப் பதிவு `Streaming_History_Audio_` என்று தொடங்கும் கோப்புகளில் இருக்கும். அவற்றின் பெயரிலேயே ஆண்டும் இருக்கும் என்பதால், முதல் கோப்பின் ஆண்டு நீங்கள் சேர்ந்த ஆண்டோடு பொருந்துகிறதா என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். ஒவ்வொரு பாடலுக்கும் ஒரு பதிவு உண்டு. அதன் சில வரிகள் இப்படி இருக்கும்:

```json
{
  "ts": "2023-08-14T18:52:10Z",
  "ms_played": 214000,
  "conn_country": "IN",
  "reason_start": "clickrow",
  "reason_end": "trackdone"
}
```

இதைப் படிப்பது கடினம் அல்ல. `ts` என்பது பாடல் ஓடி நின்ற நேரம். அது உலகப் பொது நேரத்தில் குறிக்கப்பட்டிருக்கிறது. இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட வேண்டும். அப்படிக் கூட்டினால், 14-ஆம் தேதி மாலை 6.52 என்று தோன்றும் இந்தப் பதிவு, உண்மையில் ஆகஸ்ட் 15 நள்ளிரவு தாண்டி 12.22 மணிக்கு உரியது என்று தெரியும். தேதியே மாறிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். ஒரு குறிப்பிட்ட நாளில் என்ன கேட்டோம் என்று தேடுபவர்கள் இதனால்தான் குழம்பி, பதிவு விடுபட்டுவிட்டது என்று முடிவு செய்கிறார்கள். `ms_played` என்பது மில்லிநொடிக் கணக்கு: 214000 என்றால் 214 நொடி, அதாவது 3 நிமிடம் 34 நொடி. `clickrow` என்றால் பட்டியலிலிருந்து நீங்களே தொட்டு ஓடவிட்டீர்கள் என்றும், `trackdone` என்றால் பாடல் கடைசி வரை ஓடியது என்றும் பொருள். அடுத்த பாடலுக்குத் தாவியிருந்தால் அந்த இடத்தில் `fwdbtn` என்று இருக்கும்.

இதே பதிவில் பாடலின் பெயர், கலைஞர், ஆல்பம், எந்தக் கருவி, எந்த ஐபி முகவரி ஆகியவையும் இருக்கும். நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்பும் எச்சரிக்கை இதைப் பற்றியதுதான். உங்கள் கேட்புப் பழக்கத்தை அழகான படங்களாக வரைந்து தருகிறோம், ஜிப் கோப்பை ஏற்றுங்கள் என்று கேட்கும் தளங்கள் பல உள்ளன. பல ஆண்டுகளாக நீங்கள் எந்த நேரத்தில் விழித்திருந்தீர்கள், எந்த நாட்டில் இருந்தீர்கள், எந்த இணைப்பைப் பயன்படுத்தினீர்கள் என்பதெல்லாம் அந்த ஒரு கோப்பில் இருக்கின்றன. முதல் தொகுப்பிலுள்ள `Userdata.json` கோப்பில் மின்னஞ்சல் முகவரியும் பிறந்த தேதியும் உள்ளன. ஓரிடத்தில் இருக்கும் தகவலை அழிக்கவே கணக்கை மூடுகிறீர்கள். அதையே அறியாத இன்னொருவரிடம் கொடுத்துவிடாதீர்கள். வரைபடம் வேண்டுமென்றால் எக்செல் நிரலிலேயே ஜேசான் கோப்பைத் திறந்து உங்கள் கணினிக்குள்ளேயே செய்துகொள்ளலாம்.

## 4. தொகுப்பில் வராதவற்றைத் தனியாகக் காப்பாற்றுங்கள்

பாடல்களே தொகுப்பில் வராது. வருவது பாடல்களின் பெயர்ப் பட்டியல் மட்டுமே. இணையம் இல்லாமல் கேட்பதற்காகக் கைப்பேசியில் பதிவிறக்கி வைத்திருந்தவை பூட்டிய வடிவில் இருப்பவை. செயலிக்கு வெளியே அவை ஓடாது, பிரீமியம் முடிந்ததும் செயலிக்குள்ளும் ஓடாது. உங்கள் கணினியிலிருந்தே சேர்த்த சொந்தக் கோப்புகள் இருந்தால், அவை உங்கள் கணினியிலேயே இருக்கின்றன. அவற்றுக்கு ஆபத்து இல்லை.

வாரந்தோறும் ஸ்பாட்டிஃபை தானாகத் தொகுத்துத் தரும் `Discover Weekly` போன்ற பட்டியல்கள் உங்களுடையவை அல்ல. அவற்றில் பிடித்த பாடல்கள் இருந்தால் முதலில் சொந்தப் பட்டியல் ஒன்றில் சேர்த்துவிட்டு, அதன் பிறகே தரவைக் கேளுங்கள். தரவு கேட்ட பிறகு சேர்ப்பவை அந்தத் தொகுப்பில் இடம்பெறும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

கணினிச் செயலியில் எளிய வழி ஒன்று உண்டு. பட்டியலைத் திறந்து ஒரு பாடலைத் தொட்டு, `Ctrl+A` அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, `Ctrl+C` அழுத்தி, நோட்பேடில் ஒட்டினால் ஒவ்வொரு பாடலின் இணைய முகவரியும் வரிசையாக வந்து விழும். அதைச் சேமித்து வைத்துக்கொள்ளலாம். அதே நகலை வேறொருவருடைய கணக்கிலுள்ள பட்டியலில் ஒட்டினால், பாடல்கள் அதே வரிசையில் அங்கே சேர்ந்துவிடும். வீட்டு விசேஷத்துக்காகவோ நண்பர் குழுவுக்காகவோ நீங்கள் உருவாக்கிய பட்டியலைப் பிறரும் பயன்படுத்துகிறார்கள் என்றால், அவர்களில் ஒருவர் தம் கணக்கில் இப்படி ஒரு நகல் எடுத்துக்கொள்ளட்டும். நீங்கள் மூடிய பிறகு அந்தப் பட்டியலைத் திருத்தவோ மீட்கவோ யாராலும் முடியாது.

வேறொரு சேவைக்குப் பட்டியல்களை மாற்றித் தரும் இணையதளங்களும் உள்ளன. பெரும்பாலானவை ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கை வரை இலவசமாகவும் அதற்கு மேல் கட்டணத்துக்கும் செய்கின்றன. மாற்றும் வேலைக்குப் பழைய கணக்கு உயிரோடு இருக்க வேண்டும் என்பதால், இதையும் மூடுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். மாறிய பட்டியலில் பாடல்களின் எண்ணிக்கையைப் பழையதோடு ஒப்பிடுங்கள். ஒரே தமிழ்ப் பாடல் ஆங்கில எழுத்தில் வெவ்வேறு விதமாக எழுதப்பட்டிருப்பதால், இயந்திரம் கண்டுபிடிக்காமல் விடுவதும், அசல் குரலுக்குப் பதிலாக வேறொருவர் பாடியதைச் சேர்ப்பதும் உண்டு. முடிந்ததும் `https://www.spotify.com/account/apps/` பக்கத்தில் அந்தத் தளத்துக்குக் கொடுத்த அனுமதியை நீக்கிவிடுங்கள்.

கட்டண ரசீதுகளைக் கணக்குப் பக்கத்திலிருந்து தனியாகச் சேமித்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் செலவுக் கணக்குக் காட்டுபவர்களுக்கு இது தேவைப்படும்.

## 5. பிரீமியம் சந்தாவை அது தொடங்கிய இடத்திலேயே நிறுத்துங்கள்

கணக்கை மூடுவதற்கு முன் சந்தாவை ரத்து செய்ய வேண்டும். ரத்து செய்தாலும் ஏற்கெனவே கட்டிய காலம் முடியும் வரை பிரீமியம் ஓடும்; அதன் பிறகே கணக்கு இலவசத்துக்கு மாறும். இலவசமாக மாறிய பிறகு மூடுவதே நிம்மதியான வழி, ஏனெனில் கட்டிய பணத்துக்கு மிச்சமிருக்கும் நாட்களை வீணாக்க வேண்டியதில்லை.

ஸ்பாட்டிஃபை தளத்திலேயே பணம் கட்டியவர் அதன் கணக்குப் பக்கத்தில் ரத்து செய்யலாம். ஆனால் கைப்பேசி நிறுவனத்தின் திட்டத்தோடு சேர்ந்து வந்த சந்தா என்றால், அந்த நிறுவனத்திடம்தான் நிறுத்த வேண்டும். உங்களுடையது எந்த வழி என்பது கணக்குப் பக்கத்தின் சந்தாப் பகுதியில் எழுதப்பட்டிருக்கும். ஒரு முறை மட்டும் கட்டிப் பெறும் திட்டமாக இருந்தால் ரத்து செய்ய ஒன்றுமில்லை. காலம் முடிந்ததும் தானாக நின்றுவிடும்.

யூபிஐ ஆட்டோபே வைத்திருப்பவர்கள், சந்தாவை ரத்து செய்த பிறகு தங்கள் யூபிஐ செயலியில் ஆட்டோபே பகுதியைத் திறந்து, அந்த அனுமதி இன்னும் செயலில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அங்கேயும் ரத்து செய்யுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, தானியங்கிக் கட்டணம் எடுக்கப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே உங்களுக்கு அறிவிப்பு வர வேண்டும். ரத்து செய்த பிறகும் அப்படி ஓர் அறிவிப்பு வந்தால், இன்னும் ஏதோ ஒரு கணக்கில் சந்தா உயிரோடு இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் அது முதல் படியில் சொன்ன அந்த இரண்டாவது கணக்காகத்தான் இருக்கும்.

குடும்பத் திட்டத்தின் பொறுப்பாளராக நீங்கள் இருந்தால், உங்கள் ரத்து மற்ற உறுப்பினர்கள் எல்லோரையும் இலவசத்துக்குத் தள்ளிவிடும். அவர்கள் கணக்குகளும் பட்டியல்களும் அழியா, ஆனால் பதிவிறக்கி வைத்தவை ஓடாமல் போகும். அவர்களில் ஒருவர் புதிதாகக் குடும்பத் திட்டம் எடுத்து மற்றவர்களை அழைத்துக்கொள்ளும்படி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இந்தத் தேதிகளெல்லாம் எப்படிப் பொருந்துகின்றன என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். ஒருவருக்கு மாதந்தோறும் 20-ஆம் தேதி பணம் எடுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் ஜூன் 1 அன்று மூன்று தொகுப்புகளையும் கேட்டு, வந்த கடிதத்தில் உறுதியும் செய்கிறார். முதல் தொகுப்பு ஜூன் 6-க்குள் வந்துவிடும். ஜூன் 17 அன்று சந்தாவை ரத்து செய்கிறார். 20-ஆம் தேதி பணம் போவதில்லை, கணக்கு இலவசமாகிறது. முழுக் கேட்புப் பதிவு ஜூன் 26 அன்று தயாராகிறது. அதைப் பதிவிறக்க ஜூலை 10 வரை நேரம் இருக்கிறது. அன்றே பதிவிறக்கி, விரித்து, அடுத்த சில நாட்களில் பட்டியல்களை ஒப்பிட்டு, ஜூலை 3 அன்று கணக்கை மூடுகிறார். மனம் மாறினால் ஜூலை 10 வரை மீட்கலாம். இவரே ஜூன் 1 அன்று தரவைக் கேட்டுவிட்டு அன்றே கணக்கையும் மூடியிருந்தால், மீட்பு அவகாசம் ஜூன் 8 அன்று முடிந்திருக்கும். முழுக் கேட்புப் பதிவு தயாராகும் நாளோ அதற்கு வெகு தூரத்தில் இருந்திருக்கும்.

## 6. கணக்கை மூடுங்கள்

இதைச் செயலியைவிடக் கணினி உலாவியில் செய்வது எளிது. ஸ்பாட்டிஃபையின் உதவிப் பக்கத்தில் `Close account` என்று தேடி, உள்நுழைந்து, திரையில் வரும் கேள்விகளுக்குப் பதிலளித்துக்கொண்டே போனால், எதையெல்லாம் இழப்பீர்கள் என்ற பட்டியலைக் காட்டி, கடைசியில் ஒரு மின்னஞ்சலை அனுப்பும். அந்த மின்னஞ்சலில் உள்ள பொத்தானை அழுத்திய பிறகுதான் கணக்கு மூடப்படும். அழுத்தாமல் விட்டால் கணக்கு அப்படியேதான் இருக்கும். மூடியாகிவிட்டது என்ற நினைப்பில் பல மாதங்கள் கழித்துப் பார்த்து வியப்பவர்கள் இந்தக் கடைசிப் பொத்தானை அழுத்தாதவர்களே.

பொத்தானை அழுத்துவதற்கு முன், திரையில் தெரியும் மின்னஞ்சல் முகவரி நீங்கள் முதல் படியில் குறித்துக்கொண்டதுதானா என்று இன்னொரு முறை பாருங்கள். பயனர் பெயரையும் கணக்கோடு இழந்துவிடுவீர்கள். பிறகு அதே பெயரில் மீண்டும் தொடங்கலாம் என்று எண்ண வேண்டாம். மாணவர் சலுகையில் இருப்பவர், புதுக் கணக்கில் உடனே அதே சலுகை கிடைக்கும் என்ற எண்ணத்தில் மூடக் கூடாது.

## 7. ஏழு நாட்களை எப்படிப் பயன்படுத்துவது

மூடியதும் இன்னொரு மின்னஞ்சல் வரும். கணக்கை மீண்டும் உயிர்ப்பிக்கும் இணைப்பு அதில்தான் இருக்கிறது. அது 7 நாட்களுக்கு மட்டுமே செல்லும். இந்தக் கடிதத்துக்கு நட்சத்திரக் குறியிட்டுத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கணக்கை மூடிய உற்சாகத்தில் அந்த நிறுவனத்தின் கடிதங்கள் எல்லாவற்றையும் மொத்தமாக அழிப்பவர்கள் இதையும் சேர்த்து அழித்துவிடுகிறார்கள்.

இந்த ஒரு வாரத்தில் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று. பதிவிறக்கிய மூன்று தொகுப்புகளையும் வேறொரு கருவியில், அதாவது வெளி வன்தட்டிலோ மற்றொரு கணினியிலோ நகலெடுத்து, அங்கிருந்து திறந்து பாருங்கள். வேறு சேவைக்கு மாறியிருந்தால், வழக்கமாகக் கேட்கும் பட்டியல்களை அங்கே ஓடவிட்டுப் பாருங்கள். ஏதோ ஒன்று குறைகிறது என்று தெரிந்தால், ஏழாம் நாள் வரை காத்திருக்காமல் உடனே மீட்பு இணைப்பை அழுத்தி, குறைந்ததை எடுத்துக்கொண்டு, பிறகு மீண்டும் மூடலாம். கடைசி நாளை எண்ணிக் காத்திருப்பது ஆபத்து. கணக்கு மூடப்பட்ட மணி நேரத்திலிருந்து அவகாசம் ஓடுகிறதா, நாட்காட்டி நாளிலிருந்து ஓடுகிறதா என்று ஆராய்ந்து கொண்டிருப்பதற்குப் பதிலாக, ஆறாம் நாளையே கடைசி நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே பலரைக் குழப்பும் மற்றொரு காலக்கெடு இருக்கிறது. அழித்த பாடல் பட்டியல்களை 90 நாட்கள் வரை மீட்கலாம் என்று எங்கோ படித்திருப்பீர்கள். அது உண்மைதான். ஆனால் அந்த வசதி கணக்குப் பக்கத்துக்குள் இருக்கிறது. கணக்கு திறந்திருக்கும் வரைதான் அது பயன்படும். கணக்கையே மூடியவருக்கு 90 நாட்கள் கிடையாது, 7 நாட்கள்தான். மூடுவதற்கு முன்பு `https://www.spotify.com/account/recover-playlists/` பக்கத்தை ஒரு முறை திறந்து, கடந்த மூன்று மாதங்களில் தவறுதலாக அழித்த பட்டியல் ஏதேனும் இருந்தால் மீட்டுவிட்டு, அதன் பிறகே இரண்டாம் படியில் தரவைக் கேட்பது சரியான வரிசை.

அவகாசம் முடிந்த பிறகு வாடிக்கையாளர் சேவையிடம் கெஞ்சிப் பட்டியல்களைப் பெறலாம் என்று நம்பியிருக்க வேண்டாம். அதே சமயம், உங்களைப் பற்றிய ஒவ்வொரு பதிவும் அன்றே மறைந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். வரி, கணக்கு வழக்கு ஆகியவற்றுக்காகச் சட்டம் வைத்திருக்கச் சொல்லும் கட்டணப் பதிவுகளை எந்த நிறுவனமும் தன்னிடம் வைத்துக்கொள்ளும். மூடிய பிறகு வரும் முதல் கட்டணத் தேதி அன்று, எடுத்துக்காட்டில் சொன்னவருக்கு ஜூலை 20 அன்று, வங்கிக் கணக்கில் இந்தப் பெயரில் ஏதேனும் பற்று விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.